இணையத்தில் விற்கும் சொட்டுநீர்ப் பாசனக் கிட்டுக்கு என்ன தலைப்பு?

“‘16 மி.மீ. லேட்டரல், 4 லிட்டர் டிரிப்பர், 350 மீட்டர் முழு செட்’ என்று போட்டிருக்கிறேன். சிறு விவசாயிகள் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.”

இப்படி மாற்றுங்கள்: “தக்காளி, கத்தரிக்குச் சொட்டுநீர் கிட் – 10 சென்ட், 4 அடி வரிசை”. மி.மீ., லிட்டர் எல்லாம் விவரத்தில் இருக்கட்டும்.

உங்கள் தலைப்பு பொருத்துநரின் மொழியில் இருக்கிறது. வாங்குபவர் பயிரையும் சென்ட்டையும் சொல்லித்தான் தேடுவார்.

போடும் முன் குழாய் போதுமா என்று கணக்கிடுங்கள். 10 சென்ட் 4,356 சதுர அடி. அதை 4 அடி இடைவெளியால் வகுத்தால் 1,089 அடி, அதாவது சுமார் 332 மீட்டர். உங்கள் 350 மீட்டர் போதும், ஆனால் மிச்சம் அதிகமில்லை.

2 அடி வரிசைக்கு இதே கிட் 5 சென்ட்டுக்குத்தான் வரும். வரிசை இடைவெளியை விட்டுவிட்டு “10 சென்ட்” என்று மட்டும் போட்டால், பாதி வயலில் குழாய் தீர்ந்தவர் பொருளைத் திருப்பி அனுப்புவார். “எல்லாப் பயிருக்கும்” என்பதையும் தவிர்த்துவிடுங்கள். வாழைக்கு இடைவெளியே வேறு.