மொகஞ்சதாரோவின் சாக்கடை சொல்லும் சாட்சி

சிந்து எழுத்தை இன்னும் யாரும் படிக்கவில்லையே, அங்கே நிர்வாகம் இருந்தது என்று தெருக்களை வைத்து எப்படிச் சொல்கிறார்கள்?

தெரு நேராக இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். மொகஞ்சதாரோவில் பல சந்துகள் வளைந்துதான் போகின்றன. வலுவான சாட்சி சாக்கடைதான். வீட்டுக் குளியலறையின் தண்ணீர் சுவர் வழியாக வெளியேறித் தெருக் கால்வாயில் விழுகிறது. அதற்குத் தெருக் கால்வாய் வீட்டுத் தரையைவிடத் தாழ்வாகவும், தெரு முழுக்க ஒரே பக்கம் சரிந்தும் இருக்க வேண்டும். ஒரு வீட்டுக்காரர் தனியாக இதைச் செய்ய முடியாது. கால்வாயை மூடிய செங்கல்லையும் பலகைக்கல்லையும் எடுத்து மாட்டலாம். இடையிடையே வண்டல் தங்கும் குழிகள் உண்டு. அவற்றை யாராவது தொடர்ந்து அள்ளியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

அகழ்வில் கிடைத்த பிந்தைய கால மண் அடுக்குகளில் குயவர் சூளை நடுத்தெருவிலேயே வந்துவிடுகிறது. தடுக்க ஆளில்லாமல் போனதைத்தான் அது காட்டுகிறது என்பது என் கருத்து. முன்பு தடுத்த ஒரு கட்டுப்பாடு இருந்ததற்கும் அதுவே நல்ல தடயம்.

செங்கல்லைச் சாட்சியாக எடுப்பதில் கவனம் தேவை. அதன் உயரம், அகலம், நீளம் மூன்றும் 1:2:4 என்ற விகிதத்தில் பல ஊர்களில் ஒன்றுபோல வருகின்றன, ஆனால் கொத்தனார் வழக்கமாகவே அது பரவியிருக்கலாம். ஆண்டது அரசனா, வணிகர் சபையா என்பதைச் சாக்கடை சொல்லாது.