விடைபெறும் உரையில் அடிக்க வேண்டிய ஒரு வரி

கேள்வி: மன்னார்குடி அருகே ஓர் அரசு அலுவலகத்தில் 1995-இல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த நான், இம்மாத இறுதியில் ஓய்வு பெறுகிறேன். பிரிவுபசார விழாவில் வாசிக்க எழுதிய அறிவிப்பில் அனைவருக்கும் நன்றி கூறி, "இனி தம்பியின் சாகுபடிக்குத் தோள் கொடுப்பேன்" என்று முடித்திருக்கிறேன். ஓய்வூதியத்தின் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தத் தொகையாகப் பெறும் கம்யூட்டேஷனில் வரும் எட்டரை லட்சத்தை அவன் டிராக்டருக்குத் தர எண்ணம். ஆறு ஆண்டுகளாக அவனுக்காக வைத்த நகைக்கடன் நான்கு லட்சம், 9 விழுக்காடு வட்டியில் நிற்கிறது. சம்பளம் அகவிலைப்படியுடன் 80,000. பணிக்கொடை 12 லட்சம். மனைவி கலங்குகிறாள்.

பதில்: உங்கள் அறிவிப்பு நயமாகவே இருக்கிறது, ஒரு வரியைத் தவிர. அந்த வரி உங்கள் பழைய பழக்கம் ஒன்றை மேடையேற்றுகிறது.

ஆறு ஆண்டுகளின் அடகுச் சீட்டுகளையும் வரிசையாக எடுத்து வையுங்கள். அசல் என்ற இடத்தில் ஒவ்வொன்றிலும் நான்கு லட்சமே இருக்கும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும் திறக்காவிட்டாலும், ஆண்டுக்கு 36,000 ரூபாய் வட்டியைக் கட்டி மாற்றி வைத்தது நீங்கள்தான். இதுவரை ஏறத்தாழ 2.16 லட்சம் போயிருக்கிறது. சம்பளத்தில் மாதம் 3,000 ரூபாய் குறைந்தது உங்களுக்கு உறைக்கவில்லை, ஓய்வூதியத்தில் உறைக்கும்.

இனி மாதந்தோறும் உங்கள் கைக்கு வருவது, அகவிலைப்படியும் சேர்த்து, தோராயமாக 40,000. கம்யூட்டேஷன் செய்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் மூன்றிலொரு பங்கான 8,600 பிடிக்கப்பட்டு, 31,400 மிஞ்சும். இந்தப் பிடித்தம் 15 ஆண்டுகளுக்கு நீடிக்கும். கூட்டினால் பதினைந்தரை லட்சத்துக்குச் சற்றே குறைவு. அதாவது கிட்டத்தட்ட 9 விழுக்காட்டுக்குக் கடன் வாங்குவதற்கு இது சமம். உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் குடும்ப ஓய்வூதியத்தில் இந்தப் பிடித்தம் தொடராது என்பது மட்டுமே இதிலுள்ள ஆறுதல். அதற்காக, தவணைக்கணக்கே இல்லாத தம்பியின் டிராக்டருக்கு உங்கள் எழுபத்தைந்து வயது வரையிலான வருமானத்தை அடகு வைக்கலாமா? டிராக்டர் அவசியமென்றால் அவரே தம் பெயரில் வங்கிக்கடன் கேட்கட்டும். வங்கி நிலத்தின் விளைச்சலைப் பார்த்துத்தான் கொடுக்கும், அண்ணனின் பாசத்தைப் பார்த்தல்ல. நீங்கள் ஜாமீன் கையெழுத்தும் போடக் கூடாது.

பணிக்கொடை வந்ததும் முதல் வேலையாக நான்கு லட்சத்தைக் கட்டி நகையைத் திருப்புங்கள். 9 விழுக்காட்டுக் கடனை வைத்துக்கொண்டு அதைவிடக் குறைந்த வட்டிக்கு முதலீடு செய்வதில் அர்த்தமில்லை. மீதி எட்டு லட்சத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள், 8.2 விழுக்காடு என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 16,400 ரூபாய் வரும். ஓய்வுத் தேதி தெரிந்ததுமே வீடு தேடி வரும் முகவர்கள் "பங்குச்சந்தையோடு இணைந்த பென்ஷன் பாலிசி" என்று வண்ணத்தாளை நீட்டுவார்கள். காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

தம்பிக்கு எதுவும் செய்யாமலிருக்க மனம் வராது என்பது புரிகிறது. அக்டோபரில் வரும் வட்டியிலிருந்து சம்பா நடவுக்கு 5,000 ரூபாய் கொடுங்கள். திரும்பி வராது என்று தெரிந்தே கொடுங்கள். அறிவிப்பின் கடைசி வரியை மட்டும் இப்படி மாற்றுங்கள்: "இனி அறுவடை நாட்களில் தம்பியின் களத்தில் நெல் அளக்க உட்காரலாம் என்றிருக்கிறேன்."