தடித்த குழாயில் வெப்பத் தகைவு: குறி தவறா?

> "உள் ஆரம் 50 மி.மீ., வெளி ஆரம் 100 மி.மீ., எஃகுக் குழாய். உள்சுவர் 150 டிகிரி, வெளிச்சுவர் 50. சூடு உள்ளேதான், ஆனால் கணக்கில் வெளிப்பக்கம் இழுவிசை வருகிறது. குறியைத் தப்பாகப் போட்டேனா?"

குறி சரிதான். உள்ளே சூடான அடுக்கு விரியப் பார்க்கிறது, குளிர்ந்த வெளி அடுக்கு விடுவதில்லை. அதனால் உள்ளே அமுக்கம், வெளியே இழுப்பு. இறுக்கிப் போட்ட பெல்ட்டுக்குள் வயிறு உப்பினால் நீள்வது பெல்ட்தானே!

சுற்றுத் தகைவைப் பார்ப்போம். a உள் ஆரம், b வெளி ஆரம், ΔT = 100 டிகிரி; E = 200 GPa, α = 12×10⁻⁶, ν = 0.3 என்று வைக்கிறேன்:

```
K = EαΔT / (2(1-ν) ln(b/a)) = 247 MPa
உள்:  K[1 - 2b² ln(b/a)/(b²-a²)] = -210 MPa
வெளி: K[1 - 2a² ln(b/a)/(b²-a²)] = +133 MPa
```

இரண்டு எண்ணும் சமமாக வராததைக் கவனியுங்கள். உள்பக்கம் பரப்பு குறைவு, அதனால் அங்கே தகைவு கூடினால்தான் இரண்டும் சமன்படும்.

திரவ அழுத்தத்தையும் சேருங்கள். 30 MPa என்றால் உள்ளே +50, வெளியே +20. ஆக உள்சுவரில் அமுக்கம் குறைந்து -160 ஆகும், வெளிச்சுவர் +153க்கு ஏறும். அழுத்தத்துக்குப் பயந்து சுவரை இன்னும் தடிப்பாக்கினால் வெப்பத் தகைவு தீராது, உள்பக்கம் கூடவே செய்யும்.

அப்புறம் ஒன்று: இதெல்லாம் நிலையான ஓட்டத்துக்குத்தான். சூடான குழாய்க்குள் திடீரென்று குளிர்ந்த திரவம் போனால் எல்லாம் தலைகீழ், உள்சுவர் இழுபடும். உள்ளிருந்து விரிசல் கண்டால் நான் முதலில் சந்தேகப்படுவது அந்தத் திடீர்க் குளிர்ச்சியைத்தான்.