வேலையை விட்டுப் பாட்டு வகுப்பில் இறங்கினேன், தொண்டை போனது

கேள்வி: "ஐ.டி. வேலையில் இருக்கிறேன், கச்சேரியும் பாடுகிறேன். வேலையை விட்டுவிட்டு வகுப்பு எடுத்தால் நிலையான வருமானமும் வரும், சொந்தச் சாதகப் பயிற்சிக்கும் நேரம் கிடைக்கும் என்கிறார்கள். நடைமுறையில் இது சரிப்பட்டு வருமா?"

உங்களுக்கு முப்பதை ஒட்டிய வயது இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். வருடத்துக்கு நாலைந்து கச்சேரி வரும், அதில் பெரும்பாலும் மதிய நேரம்தான் கிடைக்கும். லீவு போட்டுப் பாடிவிட்டு மறுநாள் ஆபீசுக்கு ஓடுவீர்கள். நானும் அதே இடத்தில் நின்றுதான் 2014-ல் வேலையை விட்டேன். கச்சேரிக்குக் குறுக்கே நிற்பது வேலைதான் என்று உறுதியாக நம்பினேன். மூன்று வருடத்தில் என் பாட்டைத் தின்றது வகுப்பு.

முதலில் பணக்கணக்கு. விட்ட வேலையில் மாதம் 38,000 ரூபாய் வந்தது. இரண்டாவது வருடமே 42 மாணவர்கள் சேர்ந்துவிட்டார்கள், தலைக்கு 1,500. சம்பளத்தைவிட அதிகம். ஆனால் அது பன்னிரண்டு மாதமும் வராது. பொதுத்தேர்வு வந்தால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் நிற்பார்கள், மே மாதம் பாதிப் பேர் ஊருக்குப் போவார்கள். கச்சேரியை வருமானத்தில் சேர்க்கவே வேண்டாம். ஒரு மார்கழிக் கச்சேரிக்குச் சபாவில் எனக்குக் கொடுத்தது 8,000. வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் தலா 3,000, கஞ்சிராவுக்கு 1,500. மிச்சம் 500 ரூபாய், அதுவும் ஆட்டோவுக்குப் போனது. பக்கவாத்தியக்காரர்களுக்குக் குறைத்துக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, அவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

சரி, பணம் எப்படியோ சமாளித்தோம். தொண்டைக்கு வருகிறேன்.

எனக்குச் சுருதி, அதாவது பாட்டுக்கு அடிப்படையான குரல் உயரம், ஒன்றரைக் கட்டை. வகுப்புக்கு வந்தவர்களில் முக்கால்வாசி சின்னப் பெண்கள், அவர்களுக்கு ஐந்தரை, ஆறு கட்டை. ஐந்தரைக் கட்டையில் ஆண் குரல் என்ன செய்ய முடியும்? கீழே இறங்கிச் சொல்லிக்கொடுத்தால் மந்திர பஞ்சமம் எனக்கு எட்டாது, வெறும் உறுமலாக வரும். மேலே ஏறினால் அவர்களுடைய தார ஸ்தாயி எனக்குக் கத்தலாகிவிடும், இல்லாவிட்டால் கள்ளத்தொண்டை. நான் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தேன். வாரம் ஆறு நாள், மாலை நாலரை முதல் ஒன்பது வரை, இருபத்தேழு மணி நேரம். அதில் பாதியாவது நான் பாடியிருப்பேன்.

அப்புறம் ஆன்லைன் வகுப்பு வந்தது. அமெரிக்காவில் மாலை என்றால் நமக்கு விடிகாலை. தொண்டை திறக்காத நேரத்தில் ஐந்தரை மணிக்கே ஆரம்பிக்க வேண்டும். அதோடு, இணையத்தில் ஒலி தாமதமாக வருவதால் மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து பாடவே முடியாது. நேரில் என்றால் வரியைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் பாடும்போது தாளம் மட்டும் போட்டுக்கொண்டு உட்காரலாம். ஆன்லைனில் ஒவ்வொரு வரியையும் நான் தனியாகப் பாடி, அவர்கள் திருப்பிப் பாடி, நான் மறுபடி பாடித் திருத்த வேண்டும். ஒரே பாடத்துக்கு இரண்டு மடங்கு குரல். தினம் இரண்டு மணி நேரமாக இருந்த என் சாதகம் இருபது நிமிடத்துக்கு வந்துவிட்டது, அந்த இருபது நிமிடத்திலும் தொண்டை களைத்தே இருந்தது.

2017 மார்கழியில் ஒரு மதியக் கச்சேரி. தோடி ராகத்தை எடுத்தேன். தார காந்தாரத்தில் நிற்கப் போகும்போது குரல் இரண்டாகப் பிளந்தது. சமாளித்துக் கீழே இறங்கி முடித்தேன். அது உடம்பு சம்பந்தப்பட்டது என்று விட்டுவிடலாம். ஆனால் மேடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் அன்று வயலின் வாசித்த பெரியவர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. "தம்பி, தப்பா எடுத்துக்காதே. உன் தோடி கிளாஸ் எடுக்கிற தோடியா இருக்கு."

அவர் சொன்னது சரி. தோடியின் காந்தாரம் நேராக நிற்கும் ஸ்வரமில்லை, ரிஷபத்தையும் மத்யமத்தையும் தொட்டு அசைந்துகொண்டே இருப்பது. பிள்ளைகளுக்கு அது ஒரேயடியாகப் பிடிபடாது. அதனால் அசைவை இரண்டு மூன்று துண்டாக உடைத்து, மெதுவாக, ஒவ்வொன்றையும் அழுத்திக் காட்டுவோம். மூன்று வருடம் அப்படி உடைத்துப் பாடியதில் என் கமகமே உடைந்து வர ஆரம்பித்திருக்கிறது. எனக்கே தெரியவில்லை. கற்றுக்கொடுத்தால் வித்தை வளரும் என்று எல்லோரும் சொல்வார்கள். கீர்த்தனை, ராகம் தானம் பல்லவி என்று கற்றுக்கொடுக்கும்போது அது உண்மைதான். நாள் முழுக்க மாயாமாளவகௌளையில் சரளி வரிசையும் மலஹரியில் கீதமும் சொல்லிக்கொடுப்பவருக்கு அது பொருந்துவதில்லை.

காது மூக்கு தொண்டை மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்தார். இரண்டு குரல்நாண்களிலும் எதிரெதிரே சின்ன முடிச்சு. இரண்டு வாரம் மௌனம், கிசுகிசுப்பதுகூடக் கூடாது. பிறகு நாலு மாதம் குரல் பயிற்சி. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை, அது என் அதிர்ஷ்டம். அந்த மாதங்களில் வகுப்பு வருமானம் சுத்தமாக நின்றது. கச்சேரிக்கும் வருமானத்துக்கும் ஒரே தொண்டையை நம்பினால் இரண்டும் ஒரே நாளில் படுத்துவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது.

வகுப்பு எடுப்பவர்களை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நானும் இன்றைக்கு வரை வகுப்பு எடுக்கிறவன். "உண்மையான கலைஞன் வேறு வேலை பார்க்க மாட்டான்" என்று எழுதப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முசிறி சுப்பிரமணிய ஐயர் சென்னை மத்திய கர்நாடக இசைக் கல்லூரியில் முதல்வராக இருந்தார். எம்.டி. ராமநாதன் கலாக்ஷேத்ராவில் ஆசிரியராக இருந்தார். மாதச் சம்பளம் வாங்கியதால் அவர்களுடைய வித்வத்தில் ஒரு அணுவும் குறையவில்லை.

இப்போது என் ஏற்பாடு இது. நான் பி.காம். காலை பத்து முதல் இரண்டு வரை சில சின்னக் கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கிறேன். அந்த நாலு மணி நேரம் வாயைத் திறக்க வேண்டியதில்லை, எனக்கு அதுதான் முக்கியம். மாதம் 11-ம் தேதி ஒரு தாக்கல், 20-ம் தேதி இன்னொன்று. டிசம்பர் 20 நட்ட நடு சீசனில் வந்து விழும். அதனால் கடைக்காரர்களிடம் நவம்பரிலேயே சொல்லி, பில்களை டிசம்பர் 5-க்குள் வாங்கி, 14-ம் தேதிக்குள் வேலையை முடித்துவிடுகிறேன்.

மாணவர்கள் பதினெட்டுப் பேர். பெரும்பாலும் என் சுருதிக்குப் பக்கத்தில் பாடும் ஆண்கள், மற்றவர்கள் கீர்த்தனைக்கு வந்துவிட்ட பெரிய மாணவிகள். ஆரம்பப் பாடம் கேட்டு வரும் சின்னப் பெண்களை என் மூத்த மாணவியிடம் அனுப்புகிறேன். அவருக்கு ஐந்தரைக் கட்டை, பிள்ளைகளுக்கும் அதுதான் நல்லது. கட்டணம் முழுக்க அவருக்கே. நாளைக்கு அவரும் இதே குழியில் விழக்கூடாது என்று வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மூன்றாவது, நாட்டியத்துக்குப் பாடுவது. அரங்கேற்றம் என்றால் பாட்டுக்காரருக்குச் சபாக் கச்சேரியைவிட நல்ல பணம் வரும், அதுவும் முழுசாகக் கைக்கு வரும். குரலுக்கு வேலை உண்டு, வர்ணத்தில் சஞ்சாரி வரும்போது ஒரே வரியை இருபது தடவைக்கு மேல் நிரவல் மாதிரி பாட வேண்டியிருக்கும். ஆனால் அது உங்கள் சுருதியில், உங்கள் முழுக் குரலில் பாடுவது. பணம் கரைவது ஒத்திகையில். இரண்டு ஒத்திகை என்று பேசி எட்டுக்கு இழுத்துவிடுவார்கள். நான் நாலு ஒத்திகை தொகைக்குள், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனி என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "டான்ஸ் பாட்டுக்காரர்" என்று முத்திரை விழும் என்று பயமுறுத்துவார்கள். மாதத்துக்கு இரண்டோடு நிறுத்திக்கொண்டதில் எனக்கு அப்படி எதுவும் ஆகவில்லை.

ஆடுபவர்கள் இதைப் படித்தால் தொண்டை என்கிற இடத்தில் முட்டியைப் போட்டுக்கொள்ளுங்கள். என் மனைவி பரதம் கற்றுக்கொடுக்கிறார். உடம்பைச் சூடாக்கிக்கொள்ளாமல், டைல்ஸ் தரையில், எழுந்து எழுந்து அரைமண்டியில் அடவு காட்டிக் காட்டி முட்டி வீங்கியது. இப்போது தட்டுக்கழியோடு உட்கார்ந்துவிடுகிறார், மூத்த மாணவி ஆடிக் காட்டுகிறார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நானே பாடி, நானே வீட்டில் பதிவு செய்த ஒரு தியாகராஜ கீர்த்தனையை இணையத்தில் ஏற்றினேன். ஒரு ஒலிப்பதிவு நிறுவனம் தன் உரிமை என்று கோரியது. தியாகராஜர் மறைந்தது 1847-ல். அந்தப் பாட்டு யாருக்கும் சொந்தமில்லை. அவர்கள் விற்கும் பதிவில் இருப்பது வேறொருவர் குரல். ராகமும் சாகித்யமும் ஒன்றாக இருப்பதால் இயந்திரம் இரண்டும் ஒன்று என்கிறது. ஆட்சேபம் எழுதி ஒரு மாதம் கழித்து விட்டுக்கொடுத்தார்கள், மறு வாரம் வேறொரு பாட்டுக்கு அதே கதை. சின்ன வித்வான்கள் பலர் சண்டை போடத் தெரியாமல் காணொளியையே எடுத்துவிடுகிறார்கள். வயிறு எரிகிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ராஜினாமா எழுதுவதற்கு முன் மூன்று மாதம், சனி ஞாயிறில் மட்டும் எட்டுப் பிள்ளைகளுக்கு எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு திங்கள் காலையும் என் மருத்துவர் சொல்லிக்கொடுத்த சோதனையைச் செய்யுங்கள். மேல் ஸ்தாயியில், தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பாடுவதுபோல மிகச் சன்னமாக ஒரு வரி பாடுங்கள். சத்தமாகப் பாடினால் வீக்கம் தெரியாது, அமுக்கிக்கொண்டு பாடிவிடுவோம். சன்னமாகப் பாடும்போது முதலில் காற்று மட்டும் வந்து ஒலி ஒரு நொடி பிந்தி ஆரம்பித்தால், அல்லது போன வாரம் எட்டிய ஸ்வரம் இந்த வாரம் எட்டாவிட்டால், அந்த வாரம் வகுப்பைப் பாதியாக்குங்கள். இரண்டு வாரம் தொடர்ந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள். நான் கச்சேரி மேடையில் தெரிந்துகொண்டது இது.