ஒரே ஷூட்டிங், இரண்டு வடிவம்: கேள்வி-பதில்

கே: ஒரு தடவை எடுத்து யூடியூபுக்கு அகலமாகவும், ரீல்ஸுக்கு நெட்டையாகவும் போட வேண்டும். என் 1080பி கேமரா போதுமா?

ப: போதாது. அகலப் படத்தின் முழு உயரத்தையும் வைத்துக்கொண்டு நெட்டையாக வெட்டினால், 1080பியில் 608 x 1080 புள்ளிதான் மிஞ்சும். ரீல்ஸுக்கு வேண்டியது 1080 x 1920. இழுத்துப் பெரிதாக்கினால் முகம் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். 4கே படத்தில் அதே வெட்டு 1215 x 2160 தரும், அது தாராளம். புது கேமரா வாங்குமுன் உங்கள் போனில் 4கே இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

கே: நெட்டையாக எடுத்த வீடியோவை டிவியில் போட்டால் இரு பக்கமும் கறுப்பாக வருகிறது. டிவியை மாற்றலாமா?

ப: வேண்டாம்.

கே: 4கேயில்தான் இருவர் பேட்டி எடுத்தேன். ரீல்ஸுக்கு வெட்டினால் ஆளுக்கு அரைத் தோள்தான் வருகிறது. வைட் லென்ஸ் வாங்கவா?

ப: லென்ஸ் என்ன செய்யும்? ஆட்களை ஃப்ரேமின் இரு கோடியில் உட்காரவைத்தது நீங்கள். நெட்டை வெட்டுக்குள் அகலத்தில் 31.6 சதவீதம்தான் அடங்கும். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ‘எடிட்டிங்கில் பார்த்துக்கலாம்’ என்று கிளம்பிவிடுகிறார்கள். கேமராவிலும் போனிலும் மூன்றுக்கு மூன்று கட்டக் கோடு இருக்கிறதே, அதைப் போடுங்கள். நடுப் பத்தி 33.3 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட ரீல்ஸின் அகலமேதான். பேசும் முகமும், கையில் காட்டும் பொருளும் அந்தப் பத்தியைத் தாண்டாமல் எடுத்தால் இரண்டுக்கும் ஆகும். கை வீசிப் பேசுகிறவர் என்றால் கேமராவைக் கொஞ்சம் பின்னே நகர்த்துங்கள். தலைப்பு எழுத்தைப் படத்தோடு சேர்த்துவிடாமல் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனியாகப் போடுங்கள். ரீல்ஸில் அடிப்பகுதியையும் வலது ஓரத்தையும் பட்டன்கள் மறைக்கும்.

எடுத்து முடித்த பேட்டிக்கும் வழி உண்டு. ஒவ்வொருவரையும் 1080 x 960 கட்டமாக வெட்டி, ஒருவரை மேலும் மற்றவரைக் கீழும் அடுக்குங்கள். இல்லையென்றால் பேசுகிறவர் பக்கமாக வெட்டை மாற்றிக்கொண்டே போங்கள்.

கே: பெட்டியில் ‘4கே’ என்று போட்டிருந்தது. வெட்டினால் ஒரே மங்கல். எனக்கு எடுக்கத் தெரியவில்லை என்கிறார் விற்றவர்.

ப: அவர் வாயை அடைக்கலாம். 4கே ஃப்ரேம் ஒன்றுக்கு ஏறத்தாழ 83 லட்சம் புள்ளி வேண்டும். விவரத்தாளில் சென்சார் 8 மெகாபிக்சலுக்கும் குறைவு என்றிருந்தால், அது சிறிய படத்தை ஊதிப் பெரிதாக்கும் கேமரா. என் இழுப்பறையிலும் அப்படி ஒன்று கிடக்கிறது, பெட்டியில் அதே எழுத்தோடு. கேமராவை அசையாமல் வைத்து, பொடி எழுத்துள்ள காகிதத்தை 1080பியிலும் 4கேயிலும் எடுங்கள். இரண்டையும் ஒரே அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். 4கேயில் ஒரு எழுத்துகூடக் கூடுதலாகப் படிக்க முடியவில்லை என்றால், அந்த இரண்டு படங்களோடும் பெட்டியின் போட்டோவோடும் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்து மூலமாக அனுப்புங்கள். போனில் பேசித் தீர்க்கலாம் என்று கூப்பிட்டால் சம்மதிக்காதீர்கள்.