வீடு யார் பெயரில் இருக்கிறது?

*எனக்கு 67 வயது. தோட்டத்தில் கிராணியாக இருந்த என் கணவர் வாங்கிய ஐந்து அறை வீட்டில் தனியாக இருக்கிறேன். அவர் உயில் எழுதாமல் காலமாகி மூன்று வருடங்களாகின்றன. மகனும் மகளும் ஷா ஆலமில் இருக்கிறார்கள். 360,000 ரிங்கிட்டுக்கு ஒருவர் கேட்கிறார். விற்று, 200,000 ரிங்கிட்டில் சிறிய வீடு வாங்கி, மீதியில் வாழலாமா, இங்கேயே இருக்கலாமா?*
*– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்*

அன்புள்ள அம்மா,

வாங்க வந்தவரிடம் முன்பணம் எதையும் இப்போது பெற்றுக்கொள்ளாதீர்கள். கிராண்டில் உங்கள் கணவரின் பெயர் மட்டுமே இருந்தால், அவ்வீட்டை விற்கும் அதிகாரம் இன்று உங்களுக்கு இல்லை. கணவரின் வீடு தானாகவே மனைவிக்கு வந்துவிடும் என்று நம்மவர்கள் பலர் எண்ணுகிறார்கள். ஆனால் 1958ஆம் ஆண்டின் சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி, உயிலில்லாமல் இறந்தவரின் பெற்றோரும் உயிருடன் இல்லையென்றால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கும் சேரும்.

இதைக் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஏஜெண்ட் கமிஷன், வழக்கறிஞர் கட்டணம் போக 345,000 ரிங்கிட் கையில் நிற்பதாகக் கொண்டால், உங்கள் பங்கு 115,000 மட்டுமே. மகனுக்கும் மகளுக்கும் ஆளுக்கு அதே அளவு போகும். அப்படியானால் நீங்கள் நினைத்திருக்கும் சிறிய வீட்டைக்கூட உங்களால் வாங்க இயலாது. இருக்கும் கூரையும் போய்விடும். பிள்ளைகள் இருவரும் தங்கள் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுத்தால் மட்டுமே, புதிய வீட்டுக்கான முத்திரை வரியும் வழக்கறிஞர் செலவும் கழிந்து ஏறத்தாழ 138,000 மிஞ்சும். இருபது ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால், வட்டியைச் சேர்க்காமல், மாதம் 575 ரிங்கிட். நானறிந்தவரை இத்தொகைக்காக மட்டும் யாரும் அவசரப்பட்டு விற்க வேண்டியதில்லை.

எனவே முதலில் பெயர் மாற்றத்தை முடியுங்கள். நில அலுவலகத்தில் ‘புசாக்கா கெச்சில்’ எனப்படும் சிறு சொத்துப் பங்கீட்டுக்கு, கணவரின் இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், கிராண்டின் நகல் ஆகியவற்றுடன் விண்ணப்பிக்க வேண்டும். பின்னர் அதிகாரி நடத்தும் விசாரணைக்கு வாரிசுகள் அழைக்கப்படுவார்கள். பிள்ளைகள் பங்கை விட்டுத்தருவதாக இருந்தால் அதை அங்கேயே தெரிவித்துப் பதிவு செய்வதே நல்லது. வாய்ச்சொல்லை நம்பி நாள் கடத்தினால், பின்னாளில் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் பேச்சில் சேர்ந்துகொள்வார்கள். வீட்டுக் கடன் முன்பே அடைக்கப்பட்டிருந்தாலும், வங்கியின் அடமானப் பதிவு கிராண்டில் நீக்கப்பட்டுள்ளதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். நீக்காமலே கிடக்கும் கிராண்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் கருத்து இது: பிள்ளைகள் எழுத்தில் விட்டுத்தந்து, படியேறவும் வீட்டைப் பராமரிக்கவும் உங்களுக்குச் சிரமமாக இருந்தால் விற்கலாம். இல்லையேல் தங்குங்கள். நம்பகமான இரு குடியிருப்பாளர்களுக்கு ஆளுக்கு ஓர் அறையை மாதம் 300 ரிங்கிட்டுக்கு விட முடிந்தாலே, மேற்சொன்ன 575ஐவிடக் கூடுதலாகக் கிடைக்கும். வீடும் கையில் இருக்கும்.