கூட்டக் குறிப்பை இனி ஏஐ-யிடமே விட்டுவிடலாமா?

"எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தைப் பதிவுசெய்து ஏஐ கருவியில் போட்டால் அழகான மினிட்ஸ் வருகிறது. செயலாளர் கையால் எழுதுவது இன்னும் தேவையா?"

தேவை. இத்தகைய கருவி பெரும்பாலும் முதலில் பேச்சை எழுத்தாக்குகிறது, பிறகு அந்த எழுத்தைச் சுருக்குகிறது. பேசிய தொனி முதல் படியிலேயே உதிர்ந்துவிடும்.

எங்கள் சங்கத்தில் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தை மாற்றும் பேச்சு வந்தது. பொருளாளர், "சரி, பார்க்கலாம்" என்றார். அறையில் இருந்த எல்லாருக்கும் அது மறுப்பு என்று புரிந்தது. கருவியோ "ஒப்பந்தத்தை மாற்றப் பொருளாளர் ஒப்புக்கொண்டார்" என்று எழுதியது. இருவர் ஒரே நேரத்தில் பேசிய இடத்தில் ஒருவர் சொன்னதை மற்றவர் பெயரில் போட்டிருந்தது. வாக்கியங்கள் சுத்தமாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

செயலாளர் நோட்டில் 40 நிமிட வாகன நிறுத்தச் சண்டைக்கு ஒரே வரி: "முடிவில்லை." தண்ணீர்த் தொட்டிக் கசிவுக்கு அரைப் பக்கம். பணம் செலவாகப்போவது அங்கேதான் என்று அவருக்குத் தெரியும். அந்த ஏற்றத்தாழ்வே ஒரு தகவல்.

ஆனால் அவர் தனக்குப் பிடிக்காத எதிர்ப்பை விட்டுவிடக்கூடும். வாடகைக்கு இருப்பவர் சொன்ன ஆட்சேபம் அந்த நோட்டில் இல்லை, கருவியின் பதிவில் இருந்தது.

அதனால் செயலாளரே எழுதட்டும். கருவியின் குறிப்பில் "முடிவு செய்யப்பட்டது", "ஒப்புக்கொண்டார்" என்று வரும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒலிப்பதிவைத் திரும்பக் கேளுங்கள். யார், எதை, எந்தத் தேதிக்குள் என்பது பேச்சில் இல்லையென்றால் அது பெரும்பாலும் முடிவே அல்ல. விடுபட்ட ஆட்சேபங்களை மட்டும் கருவியிலிருந்து எடுத்துச் சேர்த்து, அடுத்த கூட்டத்தில் வாசித்து ஒப்புதல் வாங்குங்கள்.